காகிதத்தை நீக்கி மையை மட்டும் எடுப்பது: ரப்பர் முத்திரை குறித்த கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் சங்கத்தின் ஊதா நிற வட்ட முத்திரையை ஸ்கேன் செய்து, காகிதப் பகுதியைத் தேர்வுக் கருவியால் தேர்ந்தெடுத்து அழித்தேன். வண்ணத் தாளின் மேல் வைத்தால் எழுத்துகளைச் சுற்றி வெளிறிய கோடு தெரிகிறது. ஏன்?

எழுத்தின் ஓரத்தில் இருக்கும் புள்ளிகள் முழு மையும் அல்ல, முழுக் காகிதமும் அல்ல. அவற்றில் இரண்டின் நிறமும் கலந்திருக்கிறது. தேர்வுக் கருவி ஒரு புள்ளியை வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் நீக்கிவிடும் என்பதால், காகித நிறம் கலந்த ஓரப் புள்ளிகள் அப்படியே தங்கிவிடுகின்றன. தேர்வின் எல்லையைக் கூட்டினால் கோடு மறையும், ஆனால் மெல்லிய எழுத்துகளும் சேர்ந்து தேய்ந்துபோகும். ஆகவே காகிதத்தை அழிக்க முயல வேண்டாம். ஒவ்வொரு புள்ளியிலும் மை எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை அளந்து, அந்த அளவை மட்டும் ஒளிபுகாத் தன்மையாக வைத்து, நிறத்தை எல்லாப் புள்ளிகளுக்கும் ஒன்றாகவே கொடுங்கள்.

கேள்வி: அப்படி அளப்பது எப்படி?

மை எந்த ஒளியை அதிகம் விழுங்குகிறதோ, அந்த ஒளியின் சேனலில்தான் காகிதத்துக்கும் மைக்கும் வேறுபாடு மிகுதியாகத் தெரியும். ஊதா மைக்கு அது பச்சைச் சேனல். நீல மைக்குப் பெரும்பாலும் சிவப்புச் சேனல். ஒரு கணக்கைப் பார்ப்போம். லேசாக மஞ்சளித்த காகிதத்தின் நிறம் 246, 242, 228 என்றும், மை அடர்த்தியாகப் படிந்த இடத்தின் நிறம் 90, 70, 160 என்றும் வைத்துக்கொள்வோம். பச்சைச் சேனலைத் தலைகீழாக்கினால் காகிதம் ஏறக்குறைய 5 விழுக்காட்டிலும் மை 72 விழுக்காட்டிலும் நிற்கும். காகிதத்தின் நார்த் தடங்கள் 10 விழுக்காடு வரை ஏறக்கூடும் என்பதால், 10-க்குக் கீழ் உள்ளதை முழு வெறுமையாகவும் 72-க்கு மேல் உள்ளதை முழு மையாகவும் கொள்கிறோம். இமேஜ்மேஜிக்கில் இதற்கான கட்டளை:

```
magick seal.png -channel G -separate +channel \
  -negate -level 10%,72% \
  -background "#5A46A0" -alpha shape out.png
```

`#5A46A0` என்பது மேலே சொன்ன மை நிறம்தான். உங்கள் முத்திரையில் மை திட்டாகப் படிந்த இடத்திலிருந்து அதை எடுத்துக்கொள்ளுங்கள், ஓரத்திலிருந்து எடுக்க வேண்டாம். சரிபார்க்க, அடியில் கரும்பச்சை நிறம் ஒன்றை வைத்துப் பாருங்கள். வெளியே தூசிபோல ஊதாத் துகள்கள் தெரிந்தால் 10-ஐச் சற்று உயர்த்துங்கள். முத்திரையின் நடுப்பகுதியே வெளிறியிருந்தால் 72-ஐக் குறையுங்கள். இந்த முறையில் மை தேங்கிய இடமும் சாதாரண இடமும் ஒரே நிறமாகிவிடும் என்பது இதன் எல்லை.

கேள்வி: கிம்ப் மென்பொருளின் `Color to Alpha` இதையே செய்யாதா? செய்து பார்த்தேன், நிறம் மாறிவிட்டது.

செய்யும், மை தேங்கிய இடங்களின் அடர் வேறுபாட்டைக் காப்பாற்ற அதுவே மேல். ஆனால் அது காகித நிறத்தை இயன்ற அளவு முழுதாகப் பிரித்தெடுக்கப் பார்க்கும். நம் உதாரணத்தில் மை ஏறக்குறைய 71 விழுக்காடு ஒளிபுகாததாகவும், நிறம் 27, 0, 132 என்ற ஆழ்ந்த நீலமாகவும் மாறிவிடும். பழைய காகித நிறத்தின் மேல் வைத்தால் மட்டும் பழையபடி தெரியும், வேறு தாளில் தெரியாது. காகிதத்தின் நிறத்தையே தேர்ந்து, `Opacity threshold`-ஐ 0.67 அளவிலும் `Transparency threshold`-ஐ 0.05 அளவிலும் வைத்தால் அடர்ந்த மை தன் நிறத்தோடு நிற்கும்.

கேள்வி: முத்திரைக்கு அடியில் கருப்பில் அச்சான எழுத்துகள் இருக்கின்றன. பிரிக்க முடியுமா?

ஓரளவு முடியும். கருப்பு எல்லாச் சேனலிலும் ஒன்றுபோல் இருண்டிருக்கும். ஊதாவில் நீலம் பச்சையைவிட அதிகம். எனவே நீலத்திலிருந்து பச்சையைக் கழித்தால் கருப்பும் மஞ்சளித்த காகிதமும் சுழியத்தை ஒட்டி நிற்க, மை மட்டும் மிஞ்சும். மேற்கண்ட கட்டளையில் `-channel` முதல் `-level` வரை உள்ள பகுதிக்குப் பதிலாக இதை இடுங்கள்:

```
-fx "max(0,u.b-u.g)" -level 6%,35%
```

கருப்பு எழுத்து ஓடிய இடங்களில் மட்டும் முத்திரையில் வெட்டு விழும். அங்கே மையின் தடயம் இல்லாததால் எந்தக் கணக்கும் அதை மீட்காது. நீலப் பேனாக் கையெழுத்து குறுக்கே சென்றிருந்தால் இந்த வழியும் உதவாது. முத்திரை கையில் இருந்தால் வெள்ளைத் தாளில் புதிதாகக் குத்திக்கொள்வதே நல்லது.

கேள்வி: ஸ்கேன் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வண்ண முறையில், 600 டிபிஐ அளவில் எடுங்கள், 4 செ.மீ. வட்டம் அப்போது ஏறக்குறைய 945 புள்ளி அகலம் வரும். ஸ்கேனர் தானாகப் பின்னணியை வெளுக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள், ஏனெனில் அது மெல்லிய மையையும் சேர்த்து வெளுத்துவிடும். ஜேபெக் கோப்பு பெரும்பாலும் நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தில் சேமிப்பதால் ஓரங்களில் ஊதா கசிந்ததுபோல் ஆகும். அதில் ஒளிபுகும் பகுதியும் நிற்காது. ஸ்கேனையும் முடிவையும் பிஎன்ஜியாகவே வைத்திருங்கள்.

கேள்வி: கடிதத்தில் வைத்தபின் முத்திரை அச்செழுத்துகளை மறைக்கிறது.

உண்மையான மை அடியில் உள்ள கருப்பை மறைப்பதில்லை. கிம்பில் அடுக்கின் முறையை `Multiply` ஆக மாற்றுங்கள். லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் படத்தை எழுத்துக்குப் பின்னால் அனுப்பினாலே போதும்.