யார் நினைத்துத் தும்மினீர்?

கேள்வி: என் மனைவியின் அலுவலகத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஆள் சினிமா ஹீரோ மாதிரி இருக்கிறார். அவரைப் பற்றி நான் சும்மா நாலு கேள்வி கேட்டாலே "இது என்ன விசாரணையா?" என்று எரிந்துவிழுகிறாள். கேட்காமல் நான் எப்படி நிம்மதியாக இருப்பது?! ஜிம்மில் சேரலாமா என்றும் யோசிக்கிறேன்.
– பெயர் வேண்டாம்

பதில்: கேள்விக்குறிக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியையும் நிற்க வைத்திருக்கிறீர்கள். எங்கள் மெய்ப்புத் திருத்துநருக்கும் எனக்கும் இதில் தீராத பகை. "வைத்தால் என்ன சார், உணர்ச்சி தெரிகிறதே" என்பார். சம்பளத்தைக் கூட்டச் சொல்லி எழுதிய கடிதத்தில்கூட மூன்று இடத்தில் வைத்திருந்தார். உங்கள் கடிதத்தை அவரிடம்தான் கொடுத்தேன். திருத்தாமல், முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்போடு திருப்பித் தந்தார். என் கட்சி மாறவில்லை. கேள்விக்குறி பதிலுக்காகக் காத்திருக்கும். ஆச்சரியக்குறி முன்பே முடிவுக்கு வந்துவிட்ட ஆசாமி. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அது கேள்வியே இல்லை.

வீட்டில் நீங்கள் 'சும்மா' கேட்கும் அந்த நாலும் இதே ரகம்தான் என்று சந்தேகப்படுகிறேன். "இன்றைக்கு லஞ்சுக்கு யார் யார் போனீர்கள்?" என்று ஆரம்பித்திருப்பீர்கள். அடுத்து, "அவரும் வந்தாரா?" அப்புறம், "பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்?" வந்தார் என்றால் வயிற்றைக் கலக்கும். வரவில்லை என்றால், ஏன் இவ்வளவு அவசரமாக இல்லை என்கிறாள் என்று கலக்கும். வாயைத் திறப்பதற்கு முன் இதை மட்டும் பாருங்கள்: 'ஆமாம்', 'இல்லை' இரண்டில் எந்தப் பதில் வந்தால் இன்று ராத்திரி தூக்கம் வரும்? இரண்டுக்குமே வராது என்றால் கேள்வியை விழுங்கிவிடலாம். அதற்குப் பதில் உங்கள் மனைவியிடம் இல்லை.

எந்தப் பதிலும் செல்லாத விசாரணையைத் திருவள்ளுவர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். 132-ஆவது அதிகாரம், புலவி நுணுக்கம். பள்ளிக்கூடத்தில் இந்தப் பக்கம் நம்மைக் கூட்டிப்போக மாட்டார்கள். அறத்துப்பாலோடும் பொருட்பாலோடும் ஆண்டு முடிந்துவிடும். (பாடத்திட்டம் போடுகிறவர்கள் மேல் எனக்குள்ள கோபத்தை இன்னொரு வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.) அதில் காதலன் ஒரு தும்மல் போடுகிறான். அவள் வாழ்த்துகிறாள். வாழ்த்தி முடித்த கையோடு வாழ்த்தை வாபஸ் வாங்கிக்கொண்டு, "யார் உங்களை நினைத்ததால் தும்மினீர்?" என்று அழுகிறாள். சரி, தும்மினால்தானே வம்பு என்று அடுத்த தும்மலை அடக்குகிறான். "உங்கள் ஆள் நினைப்பதை எனக்கு மறைக்கிறீரா?" என்று அதற்கும் அழுகை. சமாதானப்படுத்துகிறான். "மற்ற பெண்களிடமும் இப்படித்தான் நடந்துகொள்வீரோ?" என்கிறாள். போதுமடா சாமி என்று பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்?" என்கிறாள். தும்மினாலும் குற்றம், தும்மாவிட்டாலும் குற்றம், கெஞ்சினாலும் குற்றம், சும்மா இருந்தாலும் குற்றம். நாலு குறளில் (1317 முதல் 1320 வரை) மனுஷன் எல்லா வாசலையும் தட்டிப் பார்த்துவிட்டான். ஒன்றும் திறக்கவில்லை.

வள்ளுவர் அதைக் கொஞ்சலாக எழுதினார். அடுத்த அதிகாரமே ஊடலுவகை, ஆகவே அந்த வீட்டில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தும்முகிறவர் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நிற்கும்போது கேட்டால் அது கொஞ்சலாக முடியாது.

நீங்கள் சொல்ல வருவது தெரிகிறது: "பதில் முக்கியமில்லை சார், சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்." தெரியாது. பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். 24,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வுகள் அவை. எது பொய், எது நிஜம் என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும்.

அதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. பொய்களைப் பற்றியே காலமெல்லாம் ஆராய்ந்த பால் எக்மன், 1985-இல் ஒரு தவறுக்கு 'ஒதெல்லோ பிழை' என்று பெயர் வைத்தார். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவுக்கும் உங்கள் பிரச்சினைதான். அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் காசியோ என்கிற அழகன்மேல் சந்தேகம். மனைவி டெஸ்டிமோனாவை நிற்க வைத்துக் கேட்கிறான். காசியோவைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்கிறாள் அவள். அவன் வாய் அடைக்கப்பட்டுவிட்டது என்கிறான் கணவன். தன் பக்கம் பேச இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டான் என்று அவள் கலங்கி அழுகிறாள். கள்ளக் காதலனுக்காக என் கண் முன்னாலேயே அழுகிறாயா என்று அவன் முடிவுகட்டிவிடுகிறான். எக்மன் சொன்னது இதுதான்: பொய் சொல்கிறவர் முகம் வெளுக்கும். தன்னை நம்ப மாட்டார்கள் என்று பயப்படுகிறவர் முகமும் அதே மாதிரிதான் வெளுக்கும். கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அதாவது, நீங்கள் உற்று உற்றுப் பார்ப்பதால் உண்டாகும் தடுமாற்றத்தையே நீங்கள் சாட்சியமாகக் குறித்துக்கொள்கிறீர்கள்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். அந்தப் பெண் அலுவலகத்தில் நடப்பதை ஒன்றுவிடாமல் சொல்கிறவர். புதிதாக வந்தவரின் பெயரும் அதில் சாதாரணமாக வரும். பெயர் வந்தபோதெல்லாம் கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அவ்வளவுதான் செய்தார். பிறகு ஒன்றிரண்டு துணைக் கேள்விகள். கொஞ்ச நாளில் அந்தப் பெண் "அவர், நான், இன்னும் மூன்று பேர் போனோம்" என்பதை "எல்லோரும் போனோம்" என்று சுருக்கினார். பொய் இல்லை, சண்டைக்குப் பயந்த சிக்கனம். அப்புறம் யாரோ பகிர்ந்த குழுப் படம் ஒன்று கணவர் கண்ணில் பட்டது. "இவர் வந்ததைச் சொல்லவே இல்லையே, ஏன் மறைத்தாய்?" என்று கேட்டார். அதுவரை அந்த வீட்டில் மறைப்பதற்கு ஒன்றுமே இருந்ததில்லை. துணைக் கேள்விகள்தான் முதல் மறைப்பை உண்டாக்கின. அதற்குப் பிறகு கணவர் மனைவியின் ஃபோனை எடுத்துப் பார்த்தார், மனைவி பூட்டு மாற்றினார், பூட்டே இன்னொரு ஆதாரமாயிற்று.

சரி, கேட்காமல் என்ன செய்வது? சொல்லுங்கள். கேட்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன், பேசுவதை அல்ல. அவர் வீட்டுக்குள் நுழையும்போது வேண்டாம், விளக்கை அணைத்த பிறகும் வேண்டாம். இருவருக்கும் வேலையில்லாத ஒரு விடுமுறைப் பகலில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உன் ஆபீஸுக்கு வந்திருக்கிறாரே, அவரைப் பற்றி நீ பேசும்போது எனக்கு உள்ளே என்னவோ செய்கிறது. நீ தப்பு செய்ததாக நினைக்கவில்லை. இது என் சங்கடம். உன்னிடம் சொல்லாமல் உம்மென்று இருப்பதைவிடச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது." இதில் ஒரு கேள்விகூட இல்லை பாருங்கள். பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அதனாலேயே பேசுவார்.

கெட்டுப்போகிற இடம் அடுத்த வாக்கியம். 'ஆனால்' என்று ஒன்று நாக்கு நுனியில் வந்து நிற்கும். "ஆனால் நீ ஏன் அவருக்கு ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் அனுப்பினாய்" என்று முடிந்தால், முன்னால் சொன்னதெல்லாம் விசாரணைக்கு முன்னுரையாகிவிடும்.

"அதற்கு நான் என்ன பண்ணணும்?" என்று அவர் கேட்கக்கூடும். அதற்குக் கையில் ஒரு பதில் இருக்கட்டும். "அவரோடு பேசாதே" என்பது அந்தப் பதில் அல்ல. பக்கத்து இருக்கையில் வேலை பார்ப்பவரோடு பேசாமல் யாராலும் சம்பளம் வாங்க முடியாது. உங்கள் இருவருக்கும் நடுவே நடக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம் ஃபோனை ஓரமாக வைத்துவிட்டு உட்காருவது. அல்லது அலுவலகத்தில் எல்லோரும் குடும்பத்தோடு கூடும்போது உங்களையும் கூட்டிப்போவது. இந்த இரண்டாவது நல்ல மருந்து. தூரத்திலிருந்து ஹீரோவாகத் தெரிகிறவர், பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக் கடனைப் பற்றியும் முதுகு வலியைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினால் சாதாரண மனிதராக இறங்கிவிடுவார். நீங்கள் இப்போது போட்டி போடுவது அவரோடு இல்லை, உங்கள் மூளை எடுத்த படத்தோடு.

ஒருமுறை சொல்லிவிட்டீர்கள், அவரும் "லூசா நீங்க" என்று சிரித்துவிட்டார் என்று வையுங்கள். அன்றைக்கு நிம்மதி. இரண்டு நாளில் அதே எண்ணம் மறுபடி வந்து நிற்கும். வரும்தான். எண்ணம் வந்ததாலேயே ஏதோ நடக்கிறது என்று ஆகாது. மறுபடி போய் உத்தரவாதம் கேட்காதீர்கள். சொறியச் சொறிய அரிப்பு வளரும். முதல் உத்தரவாதம் இரண்டு நாள் தாங்கியது என்றால் அடுத்தது இரண்டு மணி நேரம்தான் தாங்கும். எண்ணத்தை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டுச் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடருங்கள். அப்படியும் நாளின் பாதி அதிலேயே போகிறது, அவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றால், மனநல ஆலோசகரிடம் நீங்கள் போங்கள். மனைவியை அனுப்பாதீர்கள்.

"நிஜமாகவே ஏதாவது இருந்தால்?" என்று முணுமுணுக்கிறீர்கள். இருக்கலாம், இல்லை என்று நான் எழுதித் தர முடியாது. துணைக்குத் துரோகம் செய்தவர்களின் குடும்பங்களோடு பல ஆண்டுகள் வேலை பார்த்த ஷர்லி கிளாஸ் என்ற உளவியலாளர், ஜன்னல் யார் பக்கம் திறந்திருக்கிறது, சுவர் யார் பக்கம் எழும்பியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். உங்கள் வீட்டுச் சண்டையும் உங்கள் குறைகளும் அந்த ஹீரோவுக்குத் தெரிந்திருந்து, அவரோடு உங்கள் மனைவி பேசுவது மட்டும் உங்களுக்குத் தெரியாமல் இருந்தால், ஜன்னல் இடம் மாறிவிட்டது. அவருடைய பெயர் உங்கள் சாப்பாட்டு மேசையில் தாராளமாக அடிபடுகிறது என்றால் ஜன்னல் இன்னும் உங்கள் பக்கம்தான். மாறிவிட்டது என்று தெரிந்தால் லஞ்சில் யார் பக்கத்தில் யார் என்ற சுற்றுவழியெல்லாம் வேண்டாம். "நமக்குள் பேசாததை அவரிடம் பேசுகிறாயா?" என்று நேராக ஒரே கேள்வி. அதற்கு ஒரு கேள்விக்குறி போதும்.

ஜிம்? தாராளமாகச் சேருங்கள். இரண்டு மாதத்தில் மூச்சு வாங்குவது குறையும், தூக்கம் நன்றாக வரும். கை எவ்வளவு பருத்திருக்கிறது என்று மட்டும் உங்கள் மனைவியிடம் தினமும் கேட்காதீர்கள்.