எந்த மீட்டரில் கடல் தூரமாகிறது?

கேள்வி: பாண்டிச்சேரியில் எம்.ஏ. தத்துவம் படிக்கிறேன். சோரைட்டீஸ் புதிருக்கான மூன்று தீர்வுகளும் மனப்பாடம். ஆனால் அவற்றுக்குள் என்ன வித்தியாசம், எது மேல் என்று கேட்டால் எழுத வரவில்லை. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஒவ்வொரு மணலாக எடுத்துக்கொண்டே போனால் குவியல் எப்போது குவியல் இல்லாமல் போகும் என்பதுதான் கிரேக்கத் தத்துவவாதி யூபுலிடீஸின் பெயரில் வழங்கும் சோரைட்டீஸ் புதிர். அந்த மணல் குவியலைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைச் சாலையில் உள்ள வீடு கடலுக்குப் பக்கம். ஒரு வீடு கடலுக்குப் பக்கம் என்றால், அதற்கு ஒரு மீட்டர் மேற்கே உள்ள வீடும் பக்கம்தான். இந்த இரண்டாவது கூற்றைப் பத்தாயிரம் முறை பயன்படுத்தினால் வில்லியனூர் வீடும் கடலுக்குப் பக்கமாகிவிடும். இப்போது ஒவ்வொரு தீர்வும் அந்த இரண்டாவது கூற்றை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.

டிமத்தி வில்லியம்சன் (1994) அது பொய் என்கிறார். துல்லியமான எல்லை ஒன்று இருக்கிறது, நம்மால் அறிய முடியாது, அவ்வளவுதான். லாஜிக்கில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்த எல்லையை அந்த மீட்டரில் வைத்தது எது என்ற கேள்வி நிற்கிறது.

உண்மைக்கு 0 முதல் 1 வரை அளவு கொடுக்கும் ஃபஸி லாஜிக் அதை ஏறக்குறைய உண்மை என்கிறது. உண்மையின் அளவு கடலோரத்தில் 1, வில்லியனூரில் 0, நடுவில் சீராகக் குறைகிறது என்று வைப்போம். அப்போது ஒவ்வொரு அடிக்கும் 0.9999 உண்மை. ஒரு அடியில் தெரியாத இழப்பு, பத்தாயிரம் அடிகளில் முழுவதையும் தின்றுவிடுகிறது. நாம் ஏமாறுவது ஏன் என்பதற்கு இது அழகான விளக்கம்.

ஆனால் ஒரு சோதனை வையுங்கள். ‘5001ஆவது மீட்டர் வீடு பக்கம், 5000ஆவது மீட்டர் வீடு பக்கமில்லை’ என்று ஒருவர் சொன்னால் அது சுத்தப் பொய். தூரமான வீடு பக்கமாக இருந்துகொண்டு, கிட்டத்தில் இருப்பது எப்படிப் பக்கமில்லாமல் போகும்? ஃபஸி கணக்கிலோ, ‘மற்றும்’ என்ற இணைப்புக்கு இரண்டில் சிறிய அளவை எடுக்க வேண்டும். 5001ஆவது வீடு பக்கம் என்பதன் அளவு 0.4999. 5000ஆவது வீடு பக்கமில்லை என்பதன் அளவு, 1இலிருந்து 0.5ஐக் கழித்தால் வரும் 0.5. இரண்டில் சிறியது 0.4999. சுத்தப் பொய் பாதி உண்மையாகிறது! இந்த இடத்தில் அந்தத் தீர்வு உடைகிறது என்பதே என் கருத்து.

கிட் ஃபைன் (1975) முன்வைத்த சூப்பர்வேல்யூவேஷன் இதைச் சரியாகக் கையாள்கிறது. எல்லைக் கோட்டை 3000இல் போடுங்கள், 6000இல் போடுங்கள், நியாயமான எந்தக் கோட்டிலும் மேலே சொன்ன வாக்கியம் பொய்தான். எல்லாக் கோட்டிலும் பொய் என்றால் பொய். எல்லாவற்றிலும் உண்மை என்றால் உண்மை. அப்படிப் பார்த்தால் நம் இரண்டாவது கூற்றும் பொய், ஏனென்றால் ஒவ்வொரு கோடும் அதை எங்கோ ஓரிடத்தில் மீறுகிறது. இதற்கும் விலை உண்டு: ‘எல்லை ஏதோ ஒரு மீட்டரில் இருக்கிறது’ என்பது உண்மை, ஆனால் எந்த மீட்டரைச் சுட்டினாலும் ‘இங்கேதான்’ என்பது உண்மையாகாது.

அப்புறம், சூப்பர்வேல்யூவேஷன் ‘பக்கம் அல்லது பக்கமில்லை’ என்ற விதியை மறுக்கிறது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அந்த விதியை அது வைத்துக்கொள்கிறது. கைவிடுவது, ஒவ்வொரு கூற்றும் உண்மை அல்லது பொய் என்ற வேறொரு கொள்கையைத்தான்.