சுவரில் ஏறும் ஓதம்: டைல்ஸ் ஒட்டினால் நிற்குமா?

கேள்வி: எங்கள் வீடு தேவிபட்டினத்தில் இருக்கிறது. செங்கல் சுவர், கட்டி 14 ஆண்டுகள் ஆகின்றன. கீழ்த்தளத்து ஹால் சுவர் மூன்றடி உயரம்வரை வெள்ளையாகப் பூத்து, தொட்டால் மாவாகக் கொட்டுகிறது. இரண்டு முறை சுரண்டிப் பூசி வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தும் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால் தொல்லை தீரும் என்கிறார் ஒப்பந்தக்காரர். ஒட்டலாமா?

பதில்: ஒட்டாதீர்கள். செங்கல்லிலும் காரையிலும் மயிரிழை போன்ற துளைகள் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அவை மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. அந்த ஈரம் இப்போது மூன்றடிக்குள் காற்றில் உலர்ந்து வெளியேறுகிறது. உலரும் வழியை டைல்ஸ் கொண்டு அடைத்தால் நீர் திரும்பிப் போகாது, இன்னும் மேலே ஏறும். ஓரிரு மழைக்காலத்துக்குள் டைல்ஸின் மேல் விளிம்பைத் தாண்டி அதே வெள்ளைப் பூச்சு தெரியும். வாட்டர்ப்ரூஃப் பெயின்டும் இதே தவறைத்தான் செய்தது.

நம் கடற்கரையில் நீரைவிடப் பெரிய எதிரி உப்பு. நிலத்தடி நீர் உவர்ப்பு. நீர் ஆவியாகிப் போகும், உப்பு பூச்சுக்குள்ளேயே தங்கிப் படிகமாக வளர்ந்து அதை உள்ளிருந்து உடைக்கும். போதாக்குறைக்கு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். அடுப்படியில் உப்பு ஜாடி கசிகிற நாளில் உங்கள் சுவரும் கசிவது அதனால்தான். ஆகவே ஈரத்தை அடியில் தடுத்தால் மட்டும் போதாது, உப்பேறிய பூச்சையும் அகற்ற வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டவர்கள்தான் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று அலைகிறார்கள்.

பணம் செலவழிக்குமுன் சுவர்களை உள்ளும் வெளியும் சுற்றிப் பாருங்கள். வீட்டுக்குள் நடுவே நிற்கும் தடுப்புச் சுவரிலும் அதே உயரத்தில் ஈரக் கோடு இருந்தால், ஓதம் மண்ணிலிருந்துதான் வருகிறது. குளியலறையை ஒட்டி ஒரு திட்டாக மட்டும் இருந்தால் முதலில் குழாயைச் சோதியுங்கள். அடுத்து, வெளிப்பூச்சு மண்ணுக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடித்தளத்தின் மேல் ஈரத்தடுப்புப் பட்டை போட்டிருந்தாலும், அதைத் தாண்டிக் கீழே இறங்கும் பூச்சு ஈரத்துக்கு ஏணி வைத்ததாகிவிடும். மண்ணை விலக்கி, தரையிலிருந்து ஆறங்குலம்வரை அந்தப் பூச்சை வெட்டி எடுங்கள். ஒரு நாள் கூலியில் முடியும் வேலை இது. சில வீடுகளில் இதுவே பாதி ஓதத்தை நிறுத்தியிருக்கிறது.

பல வீடுகளில் வெளிப்பூச்சு மண்ணுக்குள் போவது, வெளித்தரை வீட்டுத் தரைக்குச் சமமாக உயர்ந்துவிடுவதால். அது ஏன் உயர்கிறது? பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். இருந்தும் தெருத் தெருவாகப் பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை ஏறுகிறது. இரண்டு படி ஏறி நுழைந்த வீட்டில் இன்று ஒரு படி இறங்கி நுழைகிறார்கள். கேட்டால் மதிப்பீட்டில் சுரண்டும் வேலை இல்லை என்ற பதில் வருகிறது. சாலை போட வரும் அன்றே எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். போட்ட பிறகு யாரும் எடுக்க மாட்டார்கள்.

இனி நிலையான சிகிச்சை. உச்சிப்புளிப் பக்கம் ஒரு வீட்டில் 14 அடி நீள ஹால் சுவருக்குச் செய்ததைச் சொல்கிறேன், உங்கள் சுவருக்கும் கணக்கு இதுவே. ஓதக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடிவரை பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்தோம். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்கி வெளியே கொட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். வெளித்தரையைவிட ஆறங்குலம் மேலே உள்ள ஒரு காரை வரிசையில், 12 செ.மீ.க்கு ஒன்றாக, 12 மி.மீ. துளைகள் போட்டோம். ஒன்பதங்குலச் சுவரில் துளையின் ஆழம் 19 செ.மீ. மொத்தம் 36 துளைகள். மின்கம்பி ஓடும் சுவர் என்பதால் முதலில் மெயினை அணைத்தோம், டிரில்லுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து இணைப்பு எடுத்தோம். தூசியை ஊதிவிட்டு, சிலேன் என்ற வேதிப்பொருள் கலந்த கிரீமைத் துளையின் அடியிலிருந்து வாய்வரை நிரப்பினோம். அது காரைக்குள் பரவி, அதிலுள்ள மயிரிழைத் துளைகளின் உட்பக்கம் நீரை ஏற்காதபடி செய்துவிடும். இந்தச் சுவரில் வந்து சேரும் குறுக்குச் சுவர்களையும் விடக்கூடாது. விட்டால் ஈரம் பக்கவாட்டில் நுழையும்.

ஏமாற்று நடப்பது இந்த இடத்தில்தான். ஒரு துளைக்கு 21 மி.லி. கொள்ளும், 36 துளைக்கு முக்கால் லிட்டருக்குமேல் போக வேண்டும். கால் லிட்டரில் முடித்துவிட்டு 'உள்ளே இழுத்துக்கொண்டது' என்பார்கள், அல்லது வெளியே கலக்கிய ஏதோ ஒரு திரவத்தைக் கொண்டுவருவார்கள். சீல் உடையாத டியூப்பை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். துளைகளை நீங்களே எண்ணுங்கள்.

பிறகு பொறுமை. ஓர் அங்குலச் சுவர் உலர ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. தையில் கொத்தித் துளையிட்டால், கோடை வெயில் முழுவதும் சுவரைத் திறந்தே விட்டு, புரட்டாசிக் கடைசியில் பூசலாம். நடுவில் பூக்கும் உப்பை வாரம் ஒருமுறை தேய்த்து எடுங்கள். புதிதாகப் பூப்பது ஓய்ந்தால் சுவர் தயார். பூச்சு 1 பங்கு சிமெண்ட், 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு கழுவிய மணல். தண்ணீர் காவிரிக் கூட்டுக் குடிநீராக இருக்கட்டும், ட்ரம்மில் பிடித்து வையுங்கள். என் ஆரம்ப நாட்களில் ஒரு வீட்டில் துளை வேலை சரியாகவே நடந்தது. கொத்தனார் உவர்ப்பான போர் தண்ணீரில் பூசினார், ஆறு மாதத்தில் உப்பு பூத்தது. மருந்தைக் குறை சொன்னேன். குற்றம் தண்ணீரில் இருந்தது. பூச்சின் அடியில் தரையைத் தொடாமல் அரை அங்குலம் விடுங்கள். மேலே புட்டியும் பிளாஸ்டிக் பெயின்டும் வேண்டாம், சுண்ணாம்பு அடியுங்கள்.

உங்களுடையது செங்கல் சுவர், ஆகவே இது பொருந்தும். கீழக்கரை, பாம்பன் பக்கத்துப் பழைய பவளக்கல் வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு டிரில்லைத் தூக்க வேண்டாம். அந்தச் சுவரில் நேரான காரை வரிசை கிடையாது. இரண்டு முகப்புக் கற்களுக்கு நடுவே சில்லும் சுண்ணாம்பும் நிரப்பியிருப்பார்கள். கிரீம் ஏதோ ஒரு பொந்தில் இறங்கிவிடும், தொடர்ச்சியான தடுப்பு அமையாது. பவளக்கல்லே துளைகளால் ஆனது, ஈரத்தை இழுத்தும் விடும், வெளியேற்றியும் விடும். தாத்தா காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அவை உலர்ந்துதான் நின்றன. அதன்மேல் சிமெண்ட் பூசிய பிறகே ஓதம் தங்கியது. அங்கே சிமெண்ட்டைக் கல் உடையாமல் உளியால் நீக்கி, சிமெண்ட் சேராத வெறும் சுண்ணாம்புக் காரை பூசி, சுவரோரம் மண்ணைத் தாழ்த்தி மழைநீரை விலக்குவதே வழி. அடியில் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுண்ணாம்பு புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஒப்பந்தக்காரரிடம் துளைகளின் எண்ணிக்கை, ஆழம், கிரீமின் அளவு, பூச்சுக் கலவை ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். பத்து வருட உத்தரவாதம் என்ற அட்டைக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கூலியில் கால்பங்கை நிறுத்தி வைத்து, பூச்சுக்குப் பிறகு வரும் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் சுவரைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.