ஐஸ் உருகும்போது தெர்மாமீட்டர் 0-இல் ஏன் நிற்கிறது, சில லேப்களில் ஏன் நிற்பதில்லை

கேள்வி: ஐஸ் முழுசா உருகுற வரைக்கும் வெப்பநிலை 0 டிகிரியிலயே நிக்கும்னு புக்குல போட்டிருக்கு. கீழ விளக்கு எரிஞ்சுக்கிட்டேதான இருக்கு, அந்தச் சூடெல்லாம் எங்க போகுது? பாளையங்கோட்டையில எங்க ஸ்கூல் லேபுல செஞ்சு பார்த்தோம். ஐஸ் மேல மிதந்துக்கிட்டு இருக்கும்போதே தெர்மாமீட்டர் 3, 4னு ஏறிருச்சு. புக்கு தப்பா, நாங்க தப்பா?

பதில்:

புத்தகம் சொல்வது சரி. உங்கள் தெர்மாமீட்டர் காட்டியதும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அது காட்டியது ஐஸின் வெப்பநிலையை அல்ல, தன் குமிழைச் சுற்றி இருந்த தண்ணீரின் வெப்பநிலையை. பீக்கரில் எங்கோ ஓரிடத்தில் ஐஸ் இருந்தால் போதும், பீக்கர் முழுக்க 0 டிகிரி இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஐஸும் தண்ணீரும் நன்றாக ஒட்டி உறவாடும் இடத்தில் மட்டும்தான் அந்த 0 நிற்கும்.

முதலில் சூடு எங்கே போகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். வெப்பநிலை என்பது மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக ஆடுகின்றன என்பதன் அளவு. ஐஸுக்குள் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டு, வரிசை குலையாமல் நிற்கிறது. 0 டிகிரிக்குக் கீழே நீங்கள் கொடுக்கும் சூடு அந்த ஆட்டத்தைக் கூட்டுகிறது, தெர்மாமீட்டர் ஏறுகிறது. 0-ஐ எட்டியபின் வரும் சூடு அந்தக் கட்டைத் தளர்த்தவே செலவாகிறது. ஆட்டம் கூடுவதில்லை, அதனால் வெப்பநிலையும் கூடுவதில்லை. ஒரு கிராம் ஐஸை உருக்க 334 ஜூல் வேண்டும். அதே ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல்தான். வகுத்துப் பாருங்கள், 80 வரும். அதாவது ஐஸை வெறுமனே உருக்க ஆகும் சூட்டில், உருகிய தண்ணீரை 0-இலிருந்து 80 டிகிரி வரை கொண்டுபோய்விடலாம். நேரத்துக்கு எதிராக வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரைந்தால், 0-இல் நிற்கும் தட்டையான கோடு அவ்வளவு நீளமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, சரியாக 0-இல் அதைப் பிடித்து வைப்பது எது? ஐஸும் தண்ணீரும் தொடும் பரப்பில் இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. சில மூலக்கூறுகள் ஐஸை விட்டுத் தண்ணீருக்குப் போகின்றன, சில தண்ணீரிலிருந்து ஐஸில் வந்து ஒட்டுகின்றன. தண்ணீர் 0-க்கு மேல் கொஞ்சம் ஏறினாலும் விட்டுப்போகிறவை அதிகமாகி, அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. 0-க்குக் கீழே இறங்கினால் வந்து ஒட்டுகிறவை அதிகமாகி, சூட்டை வெளியே விடுகின்றன. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் 0-க்கே இழுத்து வருகிறது. ஆனால் இந்த இழுப்பு அந்தப் பரப்பில்தான் நடக்கிறது. இரண்டு அங்குலம் தள்ளி, பீக்கரின் அடியில் கிடக்கும் தண்ணீருக்கு அது எட்டாது.

உங்கள் 3, 4 டிகிரி வந்த வழி இதுதான். பொதுவாக அடியில் சூடேறிய தண்ணீர் லேசாகி மேலே வரும், மேலே உள்ள குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும், பாத்திரம் தானாகவே கலங்கிக்கொள்ளும். 0-க்கும் 4-க்கும் நடுவில் மட்டும் தண்ணீர் தலைகீழாக நடக்கும். சூடேற ஏற அடர்த்தி கூடும், 4 டிகிரியில்தான் அது உச்சம். ஆக, விளக்கு சூடாக்கிய அடித்தண்ணீர் மேலே எழாமல் அடியிலேயே படுத்துவிடுகிறது. 4-ஐத் தாண்டிய பிறகும் உடனே எழாது. 8 டிகிரித் தண்ணீரின் அடர்த்தியும் 0 டிகிரித் தண்ணீரின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், அதற்கும் மேலே போனால்தான் அடித்தண்ணீர் மேலுள்ள 0 டிகிரித் தண்ணீரை ஊடுருவி ஏற முடியும். மேலே ஐஸ் 0-இல் மிதக்க, கீழே குமிழ் 4-ஐயும் 6-ஐயும் காட்டுவது அதனால்தான். சந்தேகமாக இருந்தால், கலக்காத பீக்கரில் தெர்மாமீட்டரை மெதுவாக மேலே தூக்கி ஐஸுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். அளவு இறங்கும்.

இதற்கு மருந்து இரண்டு: ஐஸைச் சிறிதாக உடைப்பது, கை நிறுத்தாமல் கலக்குவது. ஐஸ் நிலக்கடலை அளவுக்கு உடைந்திருக்க வேண்டும். துண்டு சிறிதானால் தொடும் பரப்பு பெருகும். பெரிய கட்டி நாலைந்தைப் போட்டுக் கலக்கினாலும் நடுவில் வெதுவெதுப்பான சந்து இருக்கத்தான் செய்யும். குமிழ் அடியைத் தொடாமல், ஐஸும் தண்ணீரும் கலந்த பகுதியின் நடுவில் தொங்கட்டும். கலக்குவதற்குத் தனியாக ஒரு கம்பி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தெர்மாமீட்டரையே கரண்டியாக்கினால் குமிழ் உடையும்.

சூடு நிதானமாக வர வேண்டும். பக்கெட்டுத் தண்ணீர் காயவைக்கும் 1000 வாட் ராடு இதற்கு ஆகாது. 200 கிராம் ஐஸை உருக்க 66,800 ஜூல் போதும், அந்த ராடு அதை ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கொட்டிவிடும். அந்த வேகத்துக்கு எந்தக் கையும் கலக்க முடியாது. திரி சிறிதாக வைத்த ஸ்பிரிட் விளக்கும் கம்பி வலையும் போதும்.

இப்போது 200 கிராம் ஐஸை வைத்து ஒரு கணக்கு. பாத்திரம் மெல்லிய எவர்சில்வராக இருக்கட்டும், எடை 60 கிராம். உடைத்த ஐஸ் ஓரங்களில் ஈரம் மினுங்கும் வரை வெளியே வைத்திருந்து, துணியில் ஒற்றி எடுத்து, எடைபோட்டுப் போடுங்கள். விளக்கை வைத்ததும் நேரம் குறிக்க ஆரம்பியுங்கள். 0-இல் நின்றது 11 நிமிடம், அதாவது 660 வினாடி என்று வைத்துக்கொள்வோம். பிறகு அதே விளக்கில் தண்ணீர் 5-இலிருந்து 25-க்கு ஏற 171 வினாடி ஆயிற்று. 660-ஐ 171-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் 77. விளக்கு தண்ணீரை மட்டுமல்ல, பாத்திரத்தையும் சூடாக்கியது. 60 கிராம் எவர்சில்வர் ஏறத்தாழ 7 கிராம் தண்ணீர் வாங்கும் சூட்டை வாங்கும். எனவே 77-ஐ 207-ஆல் பெருக்கி 200-ஆல் வகுங்கள், 80 வந்துவிடும். விளக்கு எத்தனை வாட் என்றே தெரியாமல், கடிகாரத்தை மட்டும் வைத்து, ஐஸை உருக்க மட்டுமே செலவாகும் உள்ளுறை வெப்பத்தைக் கண்டுபிடித்தாயிற்று. கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் 1760களின் தொடக்கத்தில் செய்ததும் அடிப்படையில் இதுதான். ஐஸ் உருக ஆகும் நேரத்தையும் அதே எடைத் தண்ணீர் சூடேற ஆகும் நேரத்தையும் அவர் ஒப்பிட்டார்.

கண்ணாடி பீக்கர்தான் இருக்கிறது என்றால் இந்தத் திருத்தத்தை விடவே கூடாது. 120 கிராம் பீக்கர் 24 கிராம் தண்ணீருக்குச் சமமாகச் சூடு வாங்கும். கவனிக்காமல் விட்டால் விடை 71 பக்கம் போய் நிற்கும்.

விடை எந்தப் பக்கம் விலகுகிறது என்பதே தவறைச் சொல்லிவிடும். திருத்தம் செய்த பிறகும் 70-ஐ ஒட்டி வந்தால், ஐஸில் ஈரம் இருந்திருக்கிறது. 200 கிராமில் 20 கிராம் ஏற்கெனவே உருகிய தண்ணீராக இருந்தால் அதற்கு உருக்கும் செலவு கிடையாது, விடை 72 வரும். 90-ஐ ஒட்டி வந்தால், ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு நேரம் குறிக்கத் தொடங்கிவிட்டீர்கள். மைனஸ் 18-இல் இருக்கும் ஐஸ் 0-க்கு வரவே கிராமுக்கு 38 ஜூல் கேட்கும், அதுவும் உங்கள் 11 நிமிடத்தில் சேர்ந்துவிடும். உடைத்த துண்டுகளின் நடுவே தெர்மாமீட்டரைச் சொருகினால் மைனஸ் பகுதி ஒழுங்காகப் பதிவாகாது, நடுவில் காற்றுதான் இருக்கும். அந்தப் பகுதியும் வரைபடத்தில் வேண்டுமென்றால், எஃகுத் தண்டுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் வைத்து அப்படியே உறையவிடுங்கள்.

எவ்வளவு கலக்கினாலும் கடைசி இரண்டொரு துண்டு மிச்சம் இருக்கும்போது அளவு 1, 2 என்று மெல்ல ஏறத்தான் செய்யும். விளக்கு தரும் சூட்டை வாங்க அந்தத் துண்டுகளின் பரப்பு போதாது. அதனால் கோட்டின் முனை கூராக மடங்காமல் வளைந்து வரும். அதை நேராக்கி வரைய வேண்டாம், அப்படியே குறியுங்கள். பிறகு ஏறும் கோட்டை நேராகப் பின்னால் நீட்டி, அது 0-ஐ வெட்டும் இடத்தை உருகி முடிந்த நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலும் ஒரு விளக்குதான். கோடையில் 37, 38 டிகிரி அறையில் அந்தப் பாத்திரம் காற்றிலிருந்தே சில வாட் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும். குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் அறை குளிர்ந்திருந்தாலும் காற்றில் ஈரம் அதிகம், பாத்திரம் வெளியே வியர்க்கும். அந்த வியர்வையில் ஒரு கிராம் படிந்தால் சுமார் 2,450 ஜூலைப் பாத்திரத்திடம் விட்டுவிடும், ஏழு கிராம் ஐஸ் உருகிவிடும். பக்கச் சுவரைச் சுற்றி ஒரு பழைய தெர்மாகோல் துண்டைக் கட்டினால் இரண்டும் குறையும். விளக்கின் சுடர் அதைத் தொடாத உயரத்தில் கட்டுங்கள்.

மாஞ்சோலைக்கு மேலே போய்ச் செய்தாலும் ஐஸ் உருகும் கோடு 0-இலேயே இருக்கும். தண்ணீர் கொதிக்கும் கோடுதான் காற்றழுத்தத்தோடு இறங்கும். கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்தில் அது 97 டிகிரிக்குச் சற்றுக் கீழே வரும்.

கடைசியாக, ஐஸை எங்கே வாங்கினீர்கள் என்பதையும் பாருங்கள். தாமிரபரணித் தண்ணீரோ போர் தண்ணீரோ, உறைய வைத்தால் பள்ளித் தெர்மாமீட்டரில் தெரியும் அளவுக்கு வித்தியாசம் வராது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு இருந்தாலும் உருகுநிலை 0.06 டிகிரிதான் இறங்கும். மீன் பெட்டியில் கல் உப்போடு கிடந்த பார் ஐஸ் என்றால் கதை வேறு. கோடு மைனஸ் 1, மைனஸ் 2 என்று தொடங்கும், தட்டையாகவும் நிற்காது. ஐஸ் உருக உருக உப்புத் தண்ணீர் நீர்த்துப்போவதால், உருகுநிலையே மெல்ல 0-ஐ நோக்கி ஏறும். நன்றாகக் கலக்கியும் கோடு 0-க்குக் கீழே தொடங்கிச் சாய்வாக ஏறினால், ஒரு துண்டைக் கழுவி உருக்கி, முதலில் வடிந்த தண்ணீரையும் தனியாகப் பிடித்து, இரண்டிலும் சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரியும். வடிந்த தண்ணீர் மட்டும் கெட்டியாகத் திரிந்தால் உப்பு ஐஸின் மேற்பரப்பில்தான் இருக்கிறது, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டு அதே ஐஸையே பயன்படுத்தலாம்.