11 பேர் படம் போடலாம், 60 பேர் கணக்கும் வேண்டும்

கேள்வி: நீட் பயிற்சி மையம் நடத்துகிறேன். போன வருடம் எங்கள் பிள்ளைகள் 11 பேருக்கு அரசு ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். கிடைத்தது. அதில் 4 பேர் டெஸ்ட் சீரிஸ் மட்டும் எழுதியவர்கள். பக்கத்து மையம் ‘கடைசி 10 சீட்’ என்று போர்டு வைக்கிறது. பெற்றோரைப் பயமுறுத்தாமல் ரிசல்ட்டை எப்படிப் போடுவது?

பதில்: 11 படங்களையும் ஒரே வரிசையில் போட்டால், பார்க்கிற அப்பா எல்லோரும் உங்கள் ஓராண்டு வகுப்பில் படித்தவர்கள் என்றுதான் நினைப்பார். அதை நம்பித்தான் கட்டணமும் கட்டுவார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைத்தான் தடுக்கின்றன. படத்தோடு பெயர், ரேங்க், சேர்ந்த வகுப்பு, அதன் காலம், கட்டணமா இலவசமா என்பதும் வர வேண்டும். விளக்கக் குறிப்பைப் பொடி எழுத்தில் ஒளிக்கவும் முடியாது. யு.பி.எஸ்.சி. மையங்கள் சில, இலவச மாதிரி நேர்காணலுக்கு வந்தவரைக்கூடத் தங்கள் மாணவர் என்று காட்டிச் சிக்கிக்கொண்டன.

படத்துக்கான சம்மதத்தைத் தேர்ச்சிக்குப் பிறகு எழுத்தில் வாங்குங்கள். சேர்க்கைப் படிவத்தில் முன்கூட்டியே வாங்கிய கையெழுத்து செல்லாது. மாணவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரும் கையெழுத்துப் போடட்டும்.

அடுத்து, பெரும்பாலான விளம்பரங்கள் மறைப்பது: மொத்தம் எத்தனை பேர்? உங்கள் ஓராண்டு வகுப்பில் 60 பேர் சேர்ந்து, 8 பேர் நடுவில் நின்று, 52 பேர் தேர்வெழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசு ஒதுக்கீட்டு இடம் பெற்றவர்கள் 7 பேர். நின்றவர்களைக் கழித்துவிட்டு ‘52-க்கு 7’ என்று எழுதினால் விகிதம் கொஞ்சம் அழகாகத் தெரியும். ஆனால் அந்த 8 பேரும் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள்தானே? இப்படிப் போடுங்கள்:

“நீட் ஓராண்டு வகுப்பு: சேர்ந்தவர்கள் 60, தேர்வெழுதியவர்கள் 52, அரசு ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் 7. டெஸ்ட் சீரிஸ் மட்டும் எழுதி இடம் பெற்றவர்கள் 4.”

முடிந்தால், 52 பேரின் மதிப்பெண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் மதிப்பெண்ணையும் போடுங்கள். சராசரிப் பிள்ளையின் அம்மாவுக்கு, முதல் மதிப்பெண்ணைவிட அதுதான் உதவும். ‘90 சதவீதம் தேர்ச்சி’ என்ற வரி வேண்டவே வேண்டாம். நீட்டில் தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. பதற்றத்தில் இருக்கும் பெற்றோர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார்கள்.

‘கடைசி 10 சீட்’ விஷயத்தில் போட்டிக்குப் போகாதீர்கள். பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும் அதே வழிகாட்டுதலில் தடை. மீறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். உண்மையிலேயே இடம் குறைவென்றால், ஒரு வகுப்புக்கு எத்தனை பேர், சேர்க்கை என்றைக்கு முடிகிறது என்று மட்டும் சொல்லுங்கள். சொன்ன தேதியை அப்புறம் நீட்டிக்காதீர்கள். ரிசல்ட் வந்த அன்று மாலையே, மதிப்பெண் குறைந்த வீடுகளுக்கு போன் போட்டு ‘இன்றைக்குக் கட்டினால் தள்ளுபடி’ என்று பேசும் வேலையை உங்கள் அலுவலக ஆட்களிடம் நிறுத்தச் சொல்லுங்கள். போர்டில் நேர்மையாக எழுதியதையெல்லாம் அந்த ஒரு அழைப்பு கெடுத்துவிடும்.