ஒல்லி உடம்புக்கு இரண்டு அடுக்கு: எந்தத் துணி, எந்த அளவு?

"எனக்கு வயது 26. உயரம் 6 அடி 1 அங்குலம், நிறை 58 கிலோ, நெஞ்சு 34 அங்குலம். எக்ஸ்.எல். எடுத்தால்தான் சேட்டுக்கு நீளம் வருது, ஆனா உள்ளுக்கு ஆளே இல்லாத மாதிரி இருக்கு. ரீசேட்டுக்கு மேல சேட்டைத் திறந்து போட்டா உடம்பு தெரியும் எண்டு கேள்விப்பட்டு, வெள்ளை ரீசேட்டுக்கு மேல கறுப்புச் சேட் போட்டுப் பார்த்தன். கூட்டாளிமார் 'முந்தியை விட நெட்டையாத் தெரியிறாய்' எண்டாங்கள். வெக்கையும் தாங்க ஏலாது. நான் என்ன செய்யலாம்?"
– வாசகர், களுவாஞ்சிகுடி

தம்பி, கூட்டாளிமார் சொன்னது சரிதான். நீங்கள் நிறத்தை மாறிப் போட்டுவிட்டீர்கள். கறுப்புச் சேட்டைத் திறந்துவிட்டால் நடுவில் வெள்ளை ரீசேட் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒடுங்கிய நீளப் பட்டையாகத் தெரியும். பார்க்கிறவரின் கண் வெளிச்சமான இடத்துக்கே முதலில் போகும். உங்கள் நெஞ்சின் அகலத்தில் நடுவிலுள்ள நாலைந்து அங்குலம்தான் அவருக்குப் படுகிறது, இரண்டு பக்கமும் கறுப்புக்குள் ஒதுங்கிவிடுகிறது. உடம்பு பெருத்தவர்கள் மெலிவாகத் தெரிவதற்குச் செய்கிற வேலை இது.

இதையே மறுவளமாகச் செய்யுங்கள். உள்ளே கடும் நீலம், மெரூன், கரும்பச்சை போன்ற இருண்ட ரீசேட். மேலே மணல் நிறம், வெளிர் சாம்பல், வெளிர் பச்சை போன்ற வெளிச்சமான சேட். அப்போது கண் இரண்டு ஓரங்களுக்கும் போகும், தோளின் அகலம் முழுவதும் கணக்கில் வரும். உள்ளுக்கும் வெளிக்கும் நிற வித்தியாசம் மிதமாக இருந்தாற் போதும். கறுப்புக்கு மேல் தூய வெள்ளை போட்டால் நடுவில் கறுப்புப் பட்டை ஒன்று எழும்பி நிற்கும். உள் ரீசேட்டில் அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை தடிப்பான குறுக்குக் கோடுகள் இருந்தால் இன்னும் நல்லது, அந்த நீளப் பட்டையை அவை அங்கங்கே வெட்டிவிடும். கழுத்து வட்டமாக இருக்கட்டும். வீ கழுத்து உங்கள் கழுத்தை இன்னும் கீழே இழுத்து நீட்டும், காறை எலும்பையும் வெளியே காட்டும்.

அடுத்தது துணி. ஒல்லியான உடம்புக்கு மேற்சேட் எடுக்கும்போது நிறத்தை விடத் துணியின் விறைப்பே முக்கியம். பளபளப்பான ரேயோன், மெல்லிய பொலியெஸ்டர் போன்றவை எலும்பைப் பிடித்துக்கொண்டு தொங்கும். தோள்முனையும் விலாவும் எங்கே இருக்கின்றன என்று துணியே சொல்லிக் கொடுக்கும். கொஞ்சம் முரடான பருத்தியோ லினன் கலந்த பருத்தியோ உடம்பை விட்டு அரை அங்குலம் தள்ளி, தன் பாட்டில் நிற்கும். அதன் மேற்பரப்பில் நூல் தடித்தும் மெலிந்தும் இருப்பதால் சின்னச் சின்ன நிழல்கள் விழும், அதனால் துணி இருப்பதை விடத் தடிப்பாகத் தெரியும்.

உங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மருதமுனைக் கைத்தறி பக்கத்திலேயே கிடைக்கிறது. சேட்டுக்குத் துணி பார்க்கும்போது, ஒரு மூலையை விரல் நுனியால் பிடித்துத் தூக்குங்கள். கயிறு போல ஒடுங்கி விழுந்தால் வேண்டாம். விரிந்து, மடிப்பு அகலமாக நின்றால் எடுங்கள். பிறகு ஒரு பிடி துணியைக் கைக்குள் கசக்கி, பத்து எண்ணிவிட்டு விடுங்கள். பருத்தியும் லினனும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும், அதில் பிழையில்லை. ஆனால் கூரிய கோடுகளாக மடிந்து அப்படியே நின்றுவிட்டால், களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போது முதுகு முழுக்கச் சுருக்கமாக இருக்கும். தனி லினனில் இந்தத் தொல்லை அதிகம். பருத்தி கலந்ததில் குறைவு.

இனி அளவு. நீளத்துக்காக எக்ஸ்.எல். வாங்குவதுதான் உங்களை மெலிய வைக்கிற பெரிய காரணம். கடையில் தொங்கும் எக்ஸ்.எல். சேட்டின் நெஞ்சுச் சுற்றளவு பெரும்பாலும் 46 அங்குலத்துக்குக் கிட்ட வரும். 34 அங்குல நெஞ்சுக்கு மேல் 12 அங்குலம் வெறும் காற்று. தோள்மூட்டு கைக்கு இறங்கிவிடும், அக்குளுக்குக் கீழே துணி மடிந்து தொங்கும், அந்த அகன்ற கைக்குள்ளிருந்து மெல்லிய முழங்கை வெளியே வரும். பெரிய துணிக்குப் பக்கத்தில் சின்ன கழுத்தும் சின்ன மணிக்கட்டும் இன்னும் சின்னதாகத்தான் தெரியும். எம் அளவு எடுத்தால் அகலம் சரியாகும், நீளமும் கையும் குறுகிவிடும். ஆகவே உள் ரீசேட்டைக் கடையில் வாங்குங்கள், மேற்சேட்டைத் தைக்கக் கொடுங்கள்.

தையற்காரரிடம் போகும்போது உள்ளே போடப்போகும் ரீசேட்டைப் போட்டுக்கொண்டே போங்கள், அளவு அதற்கு மேலால் எடுக்கப்பட வேண்டும். நெஞ்சு தைத்து முடிந்த அளவு 40 அங்குலம், அதாவது உடம்பை விட 6 அங்குலம் கூட. இதற்கு மேல் போனால் துணி மடியத் தொடங்கும், குறைந்தால் உள் ரீசேட்டோடு ஒட்டி இழுபடும். தோள்மூட்டுத் தையல் எலும்பின் முனையிலிருந்து கால் அங்குலம், மிஞ்சினால் அரை அங்குலம் வெளியே விழலாம். நீளம் காற்சட்டைச் சிப்பின் நடுப்பகுதி வரை. உங்கள் உயரத்துக்கு அது பின்கழுத்திலிருந்து ஏறக்குறைய 30 அங்குலம் வரும். ஆனாலும் எண்ணை நம்பாமல் கண்ணாடி முன் நின்று குறித்துக்கொள்ளுங்கள். கீழ் விளிம்பு வளைவாக வேண்டாம், நேராக வெட்டி, இரு பக்கமும் 2 அங்குல வெட்டு விடச் சொல்லுங்கள். நேர் விளிம்பு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போடும். உயரமானவருக்கு இப்படியான குறுக்குக் கோடு எங்கே கிடைத்தாலும் இலாபம்தான்.

பொக்கற் இரண்டு வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் மூடியோடு, ஐந்தரை அங்குல அகலத்தில். வழக்கமான இடத்தை விட அரை அங்குலம் கைப்பக்கமாகத் தள்ளித் தைத்தால் நெஞ்சு அகன்று தெரியும். மூடியும் பொக்கற்றும் சேர்ந்து அந்த இடத்தில் மூன்று நான்கு மடிப்புத் துணி வந்துவிடும். தட்டையான நெஞ்சுக்கு இதை விட எளிதாகக் கனம் சேர்க்க வழியில்லை. கொலர் மெல்லிய நுனியோடு சின்னதாக வேண்டாம், நுனி இரண்டே முக்கால் அங்குல அளவில், உள்ளே பசைத்துணி வைத்து நிமிர்ந்து நிற்க வேண்டும். படுத்துவிட்ட கொலர் நீண்ட கழுத்தை முழுதாகக் காட்டிவிடும்.

முழுக்கை தையுங்கள், ஆனால் மடித்துப் போடுங்கள். கைப்பட்டியை அதன் அகலத்துக்கே ஒருமுறை மடித்து, அதே அகலத்தில் இன்னொரு முறை மடித்தால் முன்கையின் நடுப்பகுதியில் தடிப்பான வளையம் ஒன்று நிற்கும், மெல்லிய முன்கைக்கு அது போதும். இறுக்கமாகச் சுருட்டி முழங்கைக்கு மேலே ஏற்றினால் எலும்புதான் தெரியும்.

துணி 44 அங்குல அகலமென்றால் இந்தச் சேட்டுக்கு இரண்டரை மீற்றர் எடுங்கள். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயப்போட்டுப் பிறகு கொடுங்கள். கைத்தறிப் பருத்தி முதல் தோய்ப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கக்கூடும். 30 அங்குலத்தில் ஒரு அங்குலமோ அதற்கு மேலோ போய்விடும். ஊற வைக்காமல் தைத்த சேட் உங்களைப் போல் உயரமானவருக்கு இரண்டாம் முறை போட உதவாது. கடும் நிறத் துணியென்றால் சாயம் போகிறதா என்பதும் அந்த வாளித் தண்ணீரிலேயே தெரிந்துவிடும்.

வெக்கைக்கு வருவோம். உள் ரீசேட் முழுப் பருத்தியாக இருக்கட்டும், மிகவும் மெல்லியதாக வேண்டாம். மெல்லியது வேர்வையில் நனைந்ததும் விலாவோடு ஒட்டிக்கொள்ளும், நீங்கள் மறைக்க நினைத்தது எல்லாம் அப்படியே பதியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கை நிழலாகத் தெரியாத அளவு தடிப்புப் போதும். தேன்கூடு போலக் குழிக்குழியாக நெய்த பின்னல் துணி கிடைத்தால் அதை எடுங்கள். தோலோடு முழுவதும் ஒட்டாது, மேற்பரப்பும் நன்றாகத் தெரியும். வெளிர் சாம்பல் வேண்டாம், வேர்வைத் திட்டு எல்லாவற்றையும் விட அதில்தான் எடுப்பாகத் தெரியும்.

கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் நண்பகலில் இரண்டு அடுக்கு வேண்டாம். அந்த நேரத்துக்கு மேலே சொன்ன மேற்சேட்டையே தெறி பூட்டித் தனியாகப் போடுங்கள். பொக்கற்றும் விறைப்பும் தங்கள் வேலையைச் செய்யும். பின்னேரம் கடற்காற்று வந்த பிறகு உள்ளே ரீசேட் சேர்த்துத் திறந்து விடலாம். மாரியில், கார்த்திகையிலிருந்து தை வரை, இரண்டு அடுக்கையும் நாள் முழுக்கத் தாங்கலாம். மெல்லிய டெனிம் சேட்டை மேலே போட ஏற்ற காலமும் அதுதான். ஆனால் மழையில் நனைந்த தடித்த பருத்தி லேசில் காயாது, கந்தோருக்குப் போவதாயிருந்தால் மழையங்கிக்குள் போட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டு ரீசேட்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம். அக்குளிலும் கழுத்திலும் துணி திரளும், உடம்பு தடிக்காது, வேர்வை மட்டும் இரட்டிக்கும்.

காற்சட்டையைப் பற்றிச் சுருக்கமாக: காலோடு ஒட்டும் ஜீன்ஸைக் கைவிடுங்கள். மேலே சேர்த்த கனம் முழுவதும் மெல்லிய கால்களின் மேல் தூக்கி வைத்தது போலாகிவிடும். நேர்வெட்டுக் காற்சட்டை, கால்வாய் சுற்றளவு 15 அல்லது 16 அங்குலம், சேட்டுக்கு வேறு நிறம். மேலும் கீழும் ஒரே நிறமென்றால் தலையிலிருந்து கால் வரை ஒரே நீளம்தான்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒருவரைக் கொண்டு பக்கவாட்டில் படம் எடுத்துப் பாருங்கள். முன்னால் எடுத்த படத்தில் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். பக்கத்திலிருந்து பார்க்கும்போது முதுகில் துணி பை போலப் புடைத்திருந்தால் நெஞ்சளவு கூடிவிட்டது. பக்கத் தையலில் இரு பக்கமும் அரை அங்குலம் உள்ளே பிடித்தால் சுற்றளவில் இரண்டு அங்குலம் குறையும். உள் ரீசேட்டின் விளிம்பு மேற்சேட்டுக்குக் கீழே தெரிந்தால் ரீசேட்டைக் குறைக்க வேண்டும், சேட்டை நீட்டக் கூடாது. கையைத் தலைக்கு மேல் உயர்த்தும்போது சேட் முழுவதும் மேலே ஏறினால் கைக்குழி ஆழமாக வெட்டுப்பட்டுவிட்டது. அதை அந்தச் சேட்டில் திருத்த முடியாது, அடுத்ததில் ஒரு அங்குலம் மேலே வெட்டச் சொல்லுங்கள். ஆகவே முதலில் ஒன்றே ஒன்று தைப்பியுங்கள். அதை இரண்டு தடவை தோய்த்துப் போட்டுப் பார்த்த பிறகு இரண்டாவது துணியை வெட்டக் கொடுங்கள்.