இரத்த அழுத்தச் சிகிச்சைக்கு நேரம் கேட்டு நிறுவனத்துக்கு எழுதும் கடிதம்: கேள்வி பதில்

பதில் அளிப்பவர் கொங்குப் பகுதி நிறுவனங்களின் பணியாளர் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர்.

ஈரோடு, ஜவுளி மொத்தக் கடையில் பில் போடுபவர்: நான்கு வாரத்துக்கு ஒரு முறை செவ்வாய்க்கிழமை காலை அரசு மருத்துவமனைக்கு வரச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலாளி முன் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. ஒரே கடிதத்தில் கேட்டுவிட முடியுமா?

முடியும். அப்படிக் கேட்பதுதான் அவருக்கும் வசதி. மறுப்பு வரும் கடிதங்களைப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் நோயைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும். எந்த நாள், எத்தனை மணி நேரம், அந்த நேரத்தில் வேலையை யார் பார்ப்பார் என்பது இருக்காது. முதலாளி முடிவு செய்ய வேண்டியது பின்னதைத்தான்.

முதலில் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 13 முறை. ஒவ்வொன்றையும் அரை நாள் விடுப்பாக எடுத்தால் மொத்தம் ஆறரை நாள்தான் ஆகிறது. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஊதியத்துடன் கூடிய 12 நாள் ஆண்டு விடுப்பைத் தருகிறது. தற்செயல் விடுப்பும் நோய் விடுப்பும் அதற்குத் தனியே உண்டு. ஆகவே விடுப்புக்குச் சட்டம் துணை நிற்கும். தாமதமாக வந்து பிறகு ஈடு செய்வதற்கு அந்தச் சட்டத்தில் உரிமை இல்லை. அதை வேண்டுகோளாகவே எழுத வேண்டும். உங்கள் நிலைக்கு நான் இப்படி எழுதுவேன்:

*ஐயா,*
*பொருள்: மாதாந்திர மருத்துவப் பரிசோதனைக்காக வேலை நேரத்தை மாற்றித் தர வேண்டுதல்.*
*நீண்டகாலச் சிகிச்சைக்காக அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவுக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை, செவ்வாய்க்கிழமை காலையில் நான் நேரில் செல்ல வேண்டியுள்ளது. அந்த நாட்களில் காலை 9.30 மணிக்குப் பதிலாகப் பகல் 12.30 மணிக்குப் பணிக்கு வர அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். குறையும் 3 மணி நேரத்தை அதே வாரம் புதன், வியாழன், வெள்ளி ஆகிய நாட்களில் மாலை ஒவ்வொரு மணி நேரமாக ஈடு செய்வேன். அதற்கு மிகை நேர ஊதியம் கோர மாட்டேன். அது இயலாதெனில், அந்த நாட்களை என் கணக்கிலுள்ள அரை நாள் விடுப்பாகக் கொள்ளலாம். அன்று காலை பில் போடும் பணியைப் பார்த்துக்கொள்ள உடன் பணிபுரிபவர் ஒப்புக்கொண்டுள்ளார். ஒவ்வொரு முறையும் ஓ.பி. சீட்டின் நகலைத் தருவேன். ஆறு மாதங்களுக்குப் பின் இந்த ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்யலாம்.*

இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அது மிகை நேரம் ஆகாதா என்று கணக்குப் பிள்ளை தயங்கலாம். அவர் தயக்கத்தில் நியாயம் உண்டு; நீங்கள் கோர மாட்டேன் என்று எழுதித் தருவதால் மட்டும் அது தீர்ந்துவிடாது. அரை நாள் விடுப்பு என்ற மாற்று வழியைக் கடிதத்தில் சேர்த்ததற்குக் காரணம் அதுதான்.

சென்னை, மென்பொருள் நிறுவனம்: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சுட்டினால் மறுக்கவே முடியாது என்கிறார் நண்பர். பி.பி. அளவையும் மாத்திரைப் பெயர்களையும் சேர்த்து எழுதினால் இன்னும் வலுவாக இருக்கும் அல்லவா?

உங்கள் நண்பர் பாதி சரி. பணியிடத்தில் நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்ற கருத்து அந்தச் சட்டத்தில் உண்டு. ஆனால் அது பட்டியலிடும் 21 குறைபாடுகளில் உயர் இரத்த அழுத்தம் இல்லை. பக்கவாதத்தால் கை கால் இயக்கம் பாதிக்கப்பட்டுச் சான்றிதழ் பெற்றவரின் நிலை வேறு. மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவர் அந்தச் சட்டத்தைச் சுட்டினால், எதிரில் இருப்பவர் முதலில் அந்த வரியைத்தான் அடிப்பார், பிறகு கடிதம் முழுவதையும் ஐயத்தோடு படிப்பார்.

அளவுகளை எழுதவே எழுதாதீர்கள். நான் பணியாற்றிய ஓர் ஆலையில் ஒருவர் வலுவாக இருக்கட்டும் என்று ‘170/100’ என எழுதிக் கொடுத்தார். மேலாளர் பயந்துபோய், உடல் தகுதிச் சான்று வரும் வரை அவரை இயந்திரத்தின் அருகே நிறுத்தக் கூடாது என்றார். அவர் கேட்டது மாதத்தில் ஒரு காலைப்பொழுது. கிடைத்தது மூன்று வார அலைச்சல். அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தவர்களில் நானும் ஒருவன்.

திருப்பூர், தையல் பிரிவு: எனக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். பி.பி. பார்க்கப் போகும் நாளுக்கு இ.எஸ்.ஐ.யே சம்பளம் தந்துவிடும், கம்பெனியில் கடிதம் கொடுக்க வேண்டியதில்லை என்று லைனில் சொல்கிறார்கள்.

வைத்தியமும் மாத்திரையும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கிடைக்கும் என்பது உண்மை. அந்த நாளின் சம்பளம் என்பது தவறு. நோய்க்கால உதவித்தொகை ஊதியத்தில் 70 விழுக்காடு. அதுவும் வேலைக்குச் செல்ல இயலாது என்று இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று அளித்தால்தான். பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்குத் தொகை கிடையாது. பரிசோதனைக்காக ஒரு காலை போய் வருவது அந்த இரண்டு நாளைக்கூடத் தாண்டுவதில்லை. ஆகவே நீங்களும் கடிதம் கொடுக்கத்தான் வேண்டும். மருந்தகச் சீட்டில் தேதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகருமுன் பாருங்கள். மங்கிய முத்திரையால் அரை நாள் சம்பளத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதுரை: எனக்கில்லை, என் அம்மாவுக்குத்தான் பி.பி. அவரை அழைத்துப் போக இதே கடிதத்தை நான் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் நோய் விடுப்பாக அல்ல. அது பணியாளரின் சொந்த உடல்நிலைக்கானது. தற்செயல் விடுப்பு அல்லது ஆண்டு விடுப்பு என்று குறிப்பிடுங்கள். அதற்கு முன், 2021 ஆகஸ்ட் முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவின் பெயரைச் சேர்க்க முடியுமா என்று உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாத்திரை வீடு தேடி வந்தால் நீங்கள் விடுப்பு கேட்க வேண்டிய நாட்களே குறையும்.

ஓசூர், ஷிப்ட் மேற்பார்வையாளர்: என் பிரிவில் ஒருவருக்கு அனுமதி கொடுத்தேன். இரவு ஷிப்ட் முடிந்து நேராகப் போய்ப் பார்த்துவிட்டு வா, தனி நேரம் எதற்கு என்றேன். மூன்று முறை போயும் பி.பி. குறையவில்லையாம். இது சாக்குதானே?

சாக்கு என்று சொல்ல மாட்டேன். இரத்த அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிடமாவது முதுகு சாய்த்து அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காப்பியோ பீடியோ கூடாது. இரவெல்லாம் விழித்து, கேட்டுக்கு வெளியே ஒரு டீயைக் குடித்துவிட்டுப் பேருந்தில் நின்றபடி போய்ச் சேர்பவரின் கையில் பட்டையைச் சுற்றினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதைப் பார்த்து மருத்துவர் மாத்திரையைக் கூட்டினால், அடுத்த பரிசோதனையும் சீக்கிரமே வரும். உங்கள் கணக்குப்படியே பார்த்தாலும் நட்டம்தான். பரிசோதனைக்கு முந்தைய இரவு அவருக்குப் பகல் ஷிப்ட் மாற்றிக் கொடுத்து ஒரு முறை பாருங்கள்; உண்மையிலேயே அளவு கூடியிருந்தால் அப்போதும் அது தெரியும்.

ஈரோடு, முதலில் கேட்டவர்: இன்னொன்று. அனுமதி வாங்கி 12.30க்கு வந்தாலும் வருகை ஊக்கத்தொகையைப் பிடிப்பார்களா?

அதற்கு ஒரே பதில் இல்லை. அனுமதி பெற்ற தாமதம் வருகைதான் என்று சில நிறுவனங்கள் கொள்கின்றன. காரணம் எதுவானாலும் முழு நாள் இருந்தால்தான் ஊக்கத்தொகை என்று சில நிறுவனங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. அந்தத் தொகை எந்த விதிப்படி தரப்படுகிறதோ அந்தத் தாளைக் கேட்டுப் படியுங்கள். தாள் எதுவும் இல்லையென்றால், ‘இந்நேர மாற்றம் வருகை ஊக்கத்தொகையைப் பாதிக்காது எனக் கருதுகிறேன், மாறாக இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்ற ஒரு வரியைக் கடிதத்தின் கடைசியில் சேர்த்துவிடுங்கள்.